மஞ்சட்பச்சை இளஞ்சிவப்பாகும் இடம்

ஆனையிறவு உப்பளத்துப் பாத்தியில் வாரிக் குவிக்கப்படும் உப்பு முழுவதும் சோடியம் குளோரைட்டு அல்ல. அதில் ஈரம் இருக்கும். களப்பின் அடிமண் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கடல்நீர் விட்டுப்போன மக்னீசியமும் கல்சியமும் சல்பேற்றும் இருக்கும். 1990இல் போரால் நின்றுபோன இந்த உப்பளம் பிற்காலத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கி, 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலையும் அங்கே திறக்கப்பட்டது. எந்தக் குவியலில் எத்தனை வீதம் உண்மையான உப்பு என்ற கேள்வி அந்தக் களத்துக்கு அன்றாடக் கேள்வி. அதே கேள்வி வேறு வடிவத்தில் பூநகரிக் கிணற்றடியிலும் எழுகிறது. அங்கே தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்பார்கள்.

இரண்டுக்கும் விடை ஒரே நியமிப்பில் கிடைக்கும். தெரியாத அளவு குளோரைட்டு உள்ள கரைசலுக்குள், செறிவு தெரிந்த வெள்ளி நைத்திரேற்றை அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், வெள்ளிக் குளோரைட்டு வெண்மையாக வீழ்படிகிறது. குளோரைட்டு முழுவதும் தீர்ந்த கணத்தைப் பிடித்துவிட்டால் கணக்கு முடிந்தது. சிக்கல் அந்தக் கணத்தைப் பிடிப்பதில்தான். வெள்ளைக் கலங்கலுக்குள் இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்வதை எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது.

ஆய்வுகூடங்களில் வழக்கமாகக் கையாளும் வழி 1856இல் கார்ல் பிரீட்ரிக் மோர் தந்தது. பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாகச் சேர்த்தால், குளோரைட்டு தீர்ந்தபின் செங்கபில நிற வெள்ளிக் குரோமேற்று தோன்றும். முறை நல்லது, குரோமேற்றுத்தான் நஞ்சு, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இந்த அத்தியாயம் பேசுவது மற்றொரு வழியை. அதில் காட்டி ஒரு சாயம். பெயர் புளோரசீன். கண் வைத்தியர்கள் கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டுவதும் இதன் உப்பைத்தான். கரைசலில் அது மஞ்சட்பச்சையாக ஒளிரும். நியமிப்பின் முடிவில், ஒரே சொட்டில், முழுக் குடுவையும் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆனால் நிறம் மாறுவது திரவத்தில் அல்ல. திரவத்தில் மிதக்கும் வெள்ளைத் துணிக்கைகளின் தோலில்.

துணிக்கையின் தோல்

வெள்ளி நைத்திரேற்றின் முதல் சொட்டுகள் உண்டாக்குவது கட்டியை அல்ல, பாலைப் போன்ற கலங்கலை. ஒவ்வொரு துணிக்கையும் வெள்ளி அயனும் குளோரைட்டு அயனும் மாறி மாறி அடுக்கப்பட்ட சிறு பளிங்கு. பளிங்கின் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அயனுக்கும் ஆறு பக்கமும் எதிர் ஏற்றமுள்ள அயலவர் உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்கு வெளிப்பக்கம் வெறுமை. அந்த வெறுமையை நிரப்ப அது கரைசலிலிருந்து ஓர் அயனை இழுக்கிறது. தன் பளிங்கில் ஏற்கெனவே இடமுள்ள அயனையே முதலில் இழுக்கிறது. வெள்ளிக் குளோரைட்டின் மேற்பரப்பு சோடியத்தையோ நைத்திரேற்றையோ நேரே தேடாது. குளோரைட்டையும் வெள்ளியையுமே தேடும். அந்த இரண்டில் கரைசலில் எது மிஞ்சி நிற்கிறதோ அது ஒட்டிக்கொள்ளும். இப்படி மேற்பரப்பில் மட்டும் ஒட்டுவதைத்தான் புறத்துறிஞ்சல் என்கிறோம்.

நியமிப்புத் தொடங்கியதிலிருந்து முடிவுக்குச் சற்று முன்வரை கரைசலில் மிஞ்சி நிற்பது குளோரைட்டு. எனவே துணிக்கைகள் குளோரைட்டைப் போர்த்திக்கொண்டு மறை ஏற்றத்துடன் மிதக்கின்றன. அந்தப் போர்வைக்கு வெளியே, ஏற்றத்தைச் சமப்படுத்தச் சோடியம் அயன்கள் தளர்வாகச் சூழ்ந்து நிற்கும். புளோரசீனும் நடுநிலைக் கரைசலில் மறை அயனாகவே இருக்கிறது. மறை ஏற்றமுள்ள துணிக்கை அதைத் தள்ளிவிடுகிறது. சாயம் திரவத்திலேயே தங்கி, தன் இயல்பான பச்சையில் ஒளிர்கிறது.

குளோரைட்டு தீர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அடுத்த சொட்டில் வரும் வெள்ளி அயன்களுக்குச் சேர்வதற்குக் குளோரைட்டு இல்லை. அவை துணிக்கையின் மேற்பரப்பில் ஏறிக்கொள்கின்றன. துணிக்கை நேர் ஏற்றம் பெறுகிறது. சற்று முன்புவரை தள்ளப்பட்ட சாய அயன் இப்போது இழுக்கப்பட்டு, வெள்ளி அயன்களின் மேல் இரண்டாம் அடுக்காகப் படிகிறது. நைத்திரேற்றும் அங்கே மறை அயனாக ஏராளமாக இருக்கிறதே, அது ஏன் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். நைத்திரேற்று வெள்ளியோடு பிடிமானம் குறைந்தது. வெள்ளி நைத்திரேற்று நீரில் தாராளமாகக் கரைவதே அதற்குச் சாட்சி. சாய அயனோ வெள்ளியோடு இறுக்கமாகச் சேரக்கூடியது.

இப்படி அழுத்திப் பிடிக்கப்பட்ட சாய மூலக்கூறின் இலத்திரன் அமைப்பு சற்றுத் திரிகிறது. முன்பு உறிஞ்சிய ஒளியை விட்டு வேறு ஒளியை உறிஞ்சுகிறது, ஒளிர்வும் அணைகிறது. அதுதான் கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இதைக் குரோமேற்றின் வேலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே புதியதொரு வீழ்படிவு உண்டாகிறது. இங்கே வெள்ளிப் புளோரசீன் எனத் தனி வீழ்படிவு விழுவதில்லை; அது விழும் அளவுக்குக் கரைசலில் வெள்ளியும் இல்லை. பழைய வீழ்படிவே சாயம் பூசிக்கொள்கிறது.

நம்பாதவர் இதை ஆய்வுகூடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். முடிவுப் புள்ளி தாண்டிய குடுவையை ஓர் ஓரமாக வைத்தால், சிறிது நேரத்தில் வீழ்படிவு அடியில் படியும். இளஞ்சிவப்பு அதோடு சேர்ந்தே இறங்கிவிடும். மேலே நிற்கும் திரவத்தில் அந்த நிறம் இராது. பிறகு அதே குடுவைக்குள் கொஞ்சம் உப்புக் கரைசலை விட்டுக் கலக்கினால் இளஞ்சிவப்பு மறைந்து பச்சை ஒளிர்வு திரும்பிவிடும். குளோரைட்டு மீண்டும் மிஞ்சியதால் துணிக்கை மறை ஏற்றத்துக்கு மாறி, சாயத்தைக் கழற்றி விடுகிறது. இப்படி முன்னும் பின்னுமாகப் பல தடவை செய்யலாம். மாணவருக்கு இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லாவற்றையும்விட இந்த ஒரு செயல் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

கதிரியக்கத்திலிருந்து உப்புக்கு

புளோரசீனை அடொல்ப் வொன் பேயர் 1871இலேயே தொகுத்துவிட்டார். அதை வெள்ளி நியமிப்புக்குக் கொண்டுவர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. கொண்டுவந்தவர் வார்சோவில் பிறந்து மியூனிக்கில் பணியாற்றிய காசிமியர்ஸ் பயான்சு. கதிரியக்கத் தனிமங்கள் மிகச் சிறு அளவில் எந்த வீழ்படிவோடு ஒட்டிக்கொண்டு போகின்றன என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். பளிங்கின் எதிர் அயனோடு கரையாத சேர்வை தரக்கூடிய அயனே அந்தப் பளிங்கின் மேல் நன்றாக ஒட்டும் என்ற விதி அப்படிப் பிறந்தது. மேலே நைத்திரேற்றுக்கும் சாயத்துக்கும் சொன்ன காரணம் இந்த விதிதான். 1923இல் நோர்வேயிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒட் ஹசலுடன் சேர்ந்து, சாயங்களைக் காட்டியாகக் கொண்டு வெள்ளியையும் ஏலைட்டுகளையும் நியமிக்கும் முறையை வெளியிட்டார். ஹசல் பிற்காலத்தில் 1969இல் நோபல் பரிசு பெற்றது இதற்காக அல்ல, மூலக்கூறுகளின் வடிவம் பற்றிய ஆராய்ச்சிக்காக. யூதரான பயான்சு 1935இல் ஜேர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. முறை அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

ஒரு பிடி உப்பை நியமித்தல்

கணக்கைத் தொடர வசதியாக, பாத்தி உப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு இலக்கங்களை வைத்துப் பார்ப்போம். இவை முறையை விளக்க வைத்த இலக்கங்கள். எந்தக் குவியலின் அளவீடும் அல்ல.

குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து அரைத்த உப்பில் 5.000 கிராம் நிறுக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வடிதாளில் வடித்து, தாளையும் கழுவி, கழுவிய நீரையும் சேர்த்து, கனமானக் குடுவையில் ஒரு லீற்றருக்கு நிரப்ப வேண்டும். வடிப்பதைத் தவிர்த்தால் அடிமண்ணின் கலங்கல் நிறமாற்றத்தை மங்கலாக்கும். இந்தக் கரைசலில் 25.00 மில்லிலீற்றரைக் குழாயியால் கூம்புக் குடுவைக்குள் எடுக்க வேண்டும். அதற்குள் 125 மில்லிகிராம் உப்பு இருக்கும்.

அடுத்து 2 வீத டெக்ஸ்திரின் கரைசலில் 5 மில்லிலீற்றர். இது ஏன் என்று பின்னால் வரும். அதன் பின் புளோரசீனின் சோடியம் உப்பை நீரில் 0.2 வீதமாகக் கரைத்த காட்டியிலிருந்து 10 சொட்டு. அதில் இருக்கும் சாயம் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். கூடுதலாக விட்டால் நிறம் நன்றாகத் தெரியும் என்று எண்ணுவது இயல்பு, நடப்பது நேர்மாறு. மேற்பரப்பில் இடம் கிடைக்காத மிச்சச் சாயம் திரவத்தில் பச்சையாகவே நின்று, துணிக்கையின் இளஞ்சிவப்பை மறைத்துவிடும்.

அளவியில் லீற்றருக்கு 0.1 மூல் வெள்ளி நைத்திரேற்று. லீற்றருக்கு 16.99 கிராம் தேவைப்படும் என்பதால் விலை உறைக்கும். பள்ளிக்கூடத்தில் 100 மில்லிலீற்றர் மட்டும் தயாரித்து வைத்தால் போதும். அதை முன்கூட்டியே, உலர்த்திய தூய சோடியம் குளோரைட்டுக்கு எதிராக, இதே காட்டியுடன் நியமித்துச் சரிபார்ப்பது நல்லது. காட்டி ஒரு சொட்டு முந்தினாலும் பிந்தினாலும் அந்தப் பிழை இரண்டு இடத்திலும் ஒரே அளவில் வந்து பெரும்பாலும் கழிந்துபோகும்.

முதல் 15 மில்லிலீற்றரை ஓரளவு வேகமாக விடலாம். குடுவை மஞ்சட்பச்சைப் பாலாக இருக்கும். முடிவை நெருங்க நெருங்க, விழும் ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் இளஞ்சிவப்பு ஒரு கணம் படர்ந்து, கலக்கியதும் மறையும். சொட்டு விழும் இடத்தில் மட்டும் வெள்ளி தற்காலிகமாக மிஞ்சுவதால் இப்படி ஆகிறது. அந்தப் படர்தல் மறையத் தாமதிக்கும்போது வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையை நன்கு சுழற்ற வேண்டும். முடிவுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் இருக்கும்போது துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்குவதையும் காணலாம். போர்த்தியிருந்த குளோரைட்டு குறைந்து, ஒன்றையொன்று தள்ளிவைத்த ஏற்றம் மெலிந்துவிட்டதற்கு அது அடையாளம். அதன்பின் ஒரு சொட்டில் முழுக் குடுவையும் இளஞ்சிவப்பாகி அப்படியே நின்றால், அளவியை வாசிக்கலாம்.

வாசிப்பு 20.10 மில்லிலீற்றர் என்று கொள்வோம். 20.10 ஐ 0.1000 ஆல் பெருக்க 2.010 மில்லிமூல் குளோரைட்டு. சோடியம் குளோரைட்டின் மூல் நிறை 58.44, எனவே 117.5 மில்லிகிராம். எடுத்த 125 மில்லிகிராமில் இது 94.0 வீதம். இதே உப்பை உலர்த்திப் பார்த்ததில் ஈரம் 4.5 வீதம் என்றால், உலர் நிறையில் 98.4 வீதம்.

இந்த 98.4இல் ஒரு மறைவு உண்டு. நியமிப்பு எண்ணுவது குளோரைட்டை. அது சோடியத்தோடு வந்ததா மக்னீசியத்தோடு வந்ததா என்று வெள்ளி கேட்பதில்லை. உப்பில் அரை வீதம் மக்னீசியம் குளோரைட்டு இருந்தால், அது கணக்கில் 0.61 வீதம் சோடியம் குளோரைட்டாக வேடம் போட்டு நுழையும். ஆகவே அறிக்கையில் "சோடியம் குளோரைட்டாகக் கணித்த குளோரைட்டு" என்று எழுதுவதே நேர்மை. மக்னீசியத்தைத் தனியே நியமித்துக் கழித்தபின்தான் தூய்மை வீதம் என்று சொல்லலாம்.

திரளவிடாமல் வைத்திருத்தல்

நிறுத்து அளக்கும் பகுப்புக்குப் பழகிய கைகள் இங்கே முதலில் இடறுவது வீழ்படிவைப் பற்றிய எண்ணத்தில். அந்தப் பகுப்பில் வீழ்படிவு பெரிதாகத் திரண்டு விரைவாகப் படிவதே விரும்பப்படும். அதற்காகச் சூடாக்குவார்கள், அமிலம் சேர்ப்பார்கள். இங்கே அது எல்லாம் கேடு. நிறம் மேற்பரப்பில் உண்டாவதால் மேற்பரப்பு வேண்டும்.

மேலே பார்த்த நியமிப்பில் உண்டாகும் வெள்ளிக் குளோரைட்டு 0.29 கிராம். அது விட்டம் 0.1 மைக்கிரோமீற்றர் உள்ள துணிக்கைகளாக இருந்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர மீற்றர். அதே பொருள் 10 மைக்கிரோமீற்றர் கெட்டித் துணிக்கைகளாகத் திரண்டால் பரப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். சாயம் படிய இடம் இல்லை. வெள்ளை உருண்டைகளின் மேல் வெளிறிய ஒரு சாயல் மட்டும் தெரியும். திரவம் பச்சையாகவே நிற்கும். "காட்டி வேலை செய்யவில்லை" என்று போத்தலைக் குறை சொல்லும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

டெக்ஸ்திரின் வருவது இந்த இடத்தில். மாப்பொருளை உடைத்துப் பெறும் இந்த நீண்ட மூலக்கூறுகள் துணிக்கைகளைச் சூழ்ந்து, அவை ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன. எதிரி, கரைசலில் இருக்கும் மிகையான உப்புகள். அதிலும் கல்சியம், மக்னீசியம், அலுமினியம் போன்ற இரட்டை, மும்மை ஏற்ற அயன்கள். மறை ஏற்றத் துணிக்கையின் தள்ளுவிசையை அவை சோடியத்தைவிடப் பன்மடங்கு திறமையாக நசுக்கிவிடும். பாத்தி உப்பை லீற்றருக்கு 5 கிராமாகக் கரைத்தபின் மக்னீசியம் தொந்தரவு தராத அளவுக்கு நீர்த்துவிடுகிறது. உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் அப்படியல்ல. அதில் மக்னீசியமே மேலோங்கி நிற்கும். எவ்வளவு நீர்த்தாலும் குளோரைட்டுக்கும் மக்னீசியத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. கசப்பு நீருக்குப் பயான்சு முறையைக் கட்டிப்பிடித்து நிற்பதைவிட, மின்முனை வைத்து மின்னழுத்தத்தால் முடிவு காண்பது நல்லது.

அமிலம், வெயில்

புளோரசீன் மென்மையான அமிலம். கரைசல் புளித்தால் அது தன் ஐதரசனை விடாமல் வைத்துக்கொள்ளும். ஏற்றமில்லாத மூலக்கூறை நேர் ஏற்றத் துணிக்கை இழுக்காது. பி.எச். 7க்குக் கீழே போகப் போக நிறமாற்றம் மெலிந்து, பிறகு இல்லாமலே போகும். மறுபக்கம், 10க்கு மேல் போனால் வெள்ளி கபில நிற ஒட்சைட்டாக விழத் தொடங்கும். வேலை நடப்பது 7க்கும் 10க்கும் இடையில். கரைசல் சற்று அமிலமாக இருந்தால் தூய சோடியம் இருகாபனேற்றை ஒரு சிட்டிகை சேர்த்தால் போதும்.

வெயில் வேறு விதமான தொல்லை. வெள்ளிக் குளோரைட்டு ஒளியில் உடைந்து ஊதாக் கருமையாகும் என்பது எல்லோரும் அறிந்தது. சாயம் மேற்பரப்பில் ஒட்டியதும் இந்த உடைவு இன்னும் வேகமாகிறது. சாயம் தான் பிடித்த ஒளியின் சக்தியைப் பளிங்குக்குக் கடத்திவிடுகிறது. 1873இல் ஹெர்மன் வோகல் ஒளிப்படத் தகடுகளில் கண்டுபிடித்த உண்மையும் இதுவே: சாயமேற்றிய வெள்ளி ஏலைட்டு, நீலத்துக்கு மட்டுமன்றிப் பச்சைக்கும் உணர்ச்சி பெறும். ஒளிப்படத்துக்கு வரமான அது அளவிக்கு முன்னால் சாபம். யன்னலோரம் நடுப்பகல் வெளிச்சத்தில் நியமித்தால் இளஞ்சிவப்பு வரும் முன்பே வீழ்படிவு சாம்பல் ஊதாவாகி, முடிவு எது என்று தெரியாமற் போகும். மேசையை யன்னலிலிருந்து எட்ட நகர்த்தி, மங்கலான வெளிச்சத்தில், நிறுத்தாமல் செய்து முடிப்பதே பரிகாரம். நேற்று எடுத்த குடுவையை இன்று பார்த்து முடிவு சொல்ல முடியாது.

எந்தச் சாயம் எதற்கு

புளோரசீனில் நான்கு புரோமீன் அணுக்களை ஏற்றினால் இயோசின். அது வலிமை கூடிய அமிலம், பி.எச். 2 அளவுப் புளிப்பிலும் அயனாகவே இருக்கும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் இயோசினையே வைத்துக்கொண்டால் அமிலத் தொல்லை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். குளோரைட்டுக்கு அது உதவாது. வெள்ளி ஏலைட்டின் மேற்பரப்பில் இடம்பிடிக்கும் பந்தயத்தில் அயடைட்டு முதலில், பிறகு தயோசயனேற்று, புரோமைட்டு. அதன் பின் இயோசின். அதற்கும் பின்னால்தான் குளோரைட்டு. புளோரசீன் அதற்கும் கீழே. குளோரைட்டு மிஞ்சியிருக்கும்போதே இயோசின் அதைத் தள்ளிவிட்டுத் துணிக்கையில் ஏறிவிடும். முதல் சில மில்லிலீற்றரிலேயே குடுவை சிவந்து நிற்கும். புரோமைட்டும் அயடைட்டும் இயோசினைவிடப் பலசாலிகள் என்பதால் கடைசிவரை அதை வெளியே நிறுத்திவைக்கும். அவற்றுக்கு இயோசின் மிகச் சரியான காட்டி.

ஆக, நல்ல காட்டி மேற்பரப்பை ஆவலோடு தேட வேண்டும். ஆனால் நியமிக்கப்படும் அயனைவிட ஒரு படி பின்னால் நிற்க வேண்டும்.

பூநகரிக் கிணறு

வன்னியின் உட்பகுதியில், இரணைமடுக் குளத்தின் கீழ், தண்ணீரில் உப்பு பெரிய பேச்சில்லை. பூநகரிப் பக்கமும் முல்லைத்தீவுக் கரையோரமும் கடலும் களப்பும் நிலத்தடி நீரை எட்டிப் பிடிக்கும் இடங்கள். இலங்கைக் குடிநீர் நியமம் எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், குளோரைட்டுக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1983ஆம் ஆண்டு நியமத்தில் அனுமதிக்கக்கூடிய உச்சம் 1200. பழைய பரிசோதனைத் தாளில் "ஏற்கத்தக்கது" என்று இருக்கும் கிணறு இன்று அப்படி இராமற் போகலாம்.

250 மில்லிகிராம் என்பது லீற்றருக்கு 0.007 மூல். புளோரசீன் நம்பிக்கையோடு வேலை செய்யும் கீழெல்லை லீற்றருக்கு 0.005 மூல் அளவில், அதாவது 177 மில்லிகிராமில். வரம்பைத் தாண்டிய கிணற்றை அது பிடித்துவிடும். நல்ல கிணற்றில் தடுமாறும்.

தடுமாறுவதன் காரணத்தை இலக்கத்தில் காணலாம். உப்பு நியமிப்பில் குடுவையில் 50 மில்லிலீற்றர் இருக்கும்போது, முடிவைத் தாண்டி விழும் ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லிலீற்றர், கரைசலின் வெள்ளியைச் சமவலுப் புள்ளியில் இருந்ததைப்போல் ஏழரை மடங்காக்குகிறது. மேற்பரப்பின் ஏற்றம் சட்டென்று புரள்கிறது. கிணற்று நீருக்கு 0.02 மூல் வெள்ளி நைத்திரேற்றே பொருத்தம். 250 மில்லிகிராம் உள்ள 50 மில்லிலீற்றர் நீருக்கு 17.6 மில்லிலீற்றர் செலவாகும். அங்கே முடிவைத் தாண்டிய அதே ஒரு சொட்டு வெள்ளியை இரண்டு மடங்குகூட ஆக்குவதில்லை. வீழ்படிவும் கொஞ்சம், அதன் மேற்பரப்பும் கொஞ்சம். நிறம் புரள்வதற்குப் பதிலாக நகர்கிறது, ஒருவர் 17.5 என்பார், அடுத்தவர் 17.8 என்பார்.

இதற்கு 1929இல் கோல்தொப் என்பவரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த இருகுளோரோபுளோரசீன் பரிகாரம். புளோரசீனில் இரண்டு குளோரீன் ஏறியது. மேற்பரப்பில் அதைவிடச் சற்று உறுதியாக ஒட்டும். ஆனாலும் குளோரைட்டை முந்தாது. பி.எச். 4 வரை தாங்கும். மதுசாரம் கலந்த நீரில் 0.1 வீதக் கரைசல், 10 சொட்டு, அதே டெக்ஸ்திரின். கரையோரக் கிணறுகளைச் சோதிக்கக் கிளம்புபவர் பையில் இரண்டு சாயத்தில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இதையே வைக்கலாம். வன்னிக் கிணற்று நீர் பெரும்பாலும் இருகாபனேற்றுக் கொண்ட வன்னீர். இருகாபனேற்று அதன் பி.எச்.சை 7க்கு மேலேயே வைத்திருக்கும் என்பதால் அமிலப் பிரச்சினை அநேகமாக எழாது. வன்மையைத் தரும் கல்சியம் வீழ்படிவைத் திரட்டும் என்பதால் டெக்ஸ்திரினை மட்டும் விட்டுவிடக் கூடாது.

முல்லைத்தீவின் களப்போரக் கிணறு ஒன்றில் லீற்றருக்கு 2000 மில்லிகிராம் வருகிறது என்று கொண்டால், அதை நேரே நியமிப்பது வெள்ளிக்குக் கேடு. ஐந்து மடங்கு நீர்த்தால் 400. அது புளோரசீனுக்கும் வசதியான செறிவு, வாசிப்பை ஐந்தால் பெருக்கினால் சரி. கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 19 கிராம் அளவில் இருப்பதால், அதற்கு நீர்ப்பு ஐம்பது மடங்குக்குக் குறையக் கூடாது.

முடிந்த குடுவைகளைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது. வெள்ளி அயன் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, பணமும் கூட. ஓர் இருண்ட போத்தலில் எல்லாவற்றையும் சேர்த்து, கொஞ்சம் சாதாரண உப்பைக் கரைத்து விட்டால், மிஞ்சிய வெள்ளியும் குளோரைட்டாக விழுந்து, இளஞ்சிவப்பு பச்சைக்குத் திரும்பும். வெள்ளி முழுவதும் விழுந்துவிட்டது என்பதற்கு அந்தப் பச்சையே அத்தாட்சி. மறுநாள் மேல்நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் நிற்கும் வெள்ளிக் குளோரைட்டை உலர்த்தி, பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஏதாவது மீட்டெடுக்க ஏற்கும்வரை மூடி வைக்கலாம். ஒரு நியமிப்பில் கிடைக்கும் 0.29 கிராமில் முக்கால் பங்கு, அதாவது 0.22 கிராம், வெள்ளி.